சங்கத்தின் மிகை நிதிக்குத் தினசரி தானியங்கி அறிக்கை: எந்த எண் வர வேண்டும், எது வந்தால் குழப்பம்

இலங்கையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு இப்படி ஒரு முன்மொழிவு வருகிறது என்று வையுங்கள். சங்கத்தின் மிகை நிதி போட்டிருக்கும் இடங்களின் நிலைமையை ஒரு கணினி நிரல் தானாகவே திரட்டி, தினமும் காலையில் குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பும். மொத்தப் பெறுமதி எவ்வளவு, நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, எத்தனை சதவீதம், அவ்வளவுதான். கேட்டவுடன் மறுக்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். இருந்தும் இப்படியான விஷயத்தில் கூட்டம் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். உறுப்பினர்களின் காசு எங்கே இருக்கிறது என்று தினமும் தெரிய வேண்டாமா என்று ஒரு பக்கம் கேட்கும், தினமும் ஏறி இறங்குவதைப் பார்த்தால் சும்மா இருக்கிறவர்களும் பதறுவார்கள் என்று மறுபக்கம் சொல்லும்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டு பேரும் பேசுவது வேறு வேறு எண்களைப் பற்றி. அந்த எண்கள் என்ன, எங்கிருந்து வருகின்றன, எப்படிப் பிழையாகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

## முதலில், மிகை நிதி எங்கே இருக்கிறது

ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் மாதாமாதம் சேமிப்பும் சந்தாவும் கட்டுகிறார்கள், அதிலிருந்து அவர்களுக்கே கடன் போகிறது. கடன் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் மிகை நிதி. அதை எங்கெல்லாம் முதலிடலாம் என்பதை 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் சங்கத்தின் உபவிதிகளும் கட்டுப்படுத்துகின்றன, ஆகவே குழு நினைத்த இடத்தில் போட முடியாது. உதாரணத்துக்கு, மூன்று கோடி ரூபா மிகை நிதி உள்ள ஒரு சங்கம் அதை இப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறது என்று வைப்போம். வீதங்கள் கணக்குக்காக நான் எடுத்தவை.

1. வங்கியில் நிலையான வைப்பு: 1 கோடி 20 இலட்சம், ஆண்டுக்கு 8 சதவீதம், வட்டி முதிர்வில்.
2. 364 நாள் திறைசேரி உண்டியல்: முகப்பெறுமதி 1 கோடி, வாங்கிய விளைவு வீதம் 8 சதவீதம்.
3. இன்னும் 5 வருடம் இருக்கும் திறைசேரி முறி: முகப்பெறுமதி 60 இலட்சம், கூப்பன் வட்டி 9 சதவீதம், அதே விலைக்கு வாங்கியது.
4. குறுங்காலப் பணச் சந்தையில் முதலிடும் யூனிட் ட்ரஸ்ட்: 20 இலட்சம்.

திறைசேரி உண்டியலுக்கு வட்டி என்று தனியாக எதுவும் வராது. குறைந்த விலைக்கு வாங்கி முதிர்வில் முழு முகப்பெறுமதியைப் பெறுகிறோம், வித்தியாசம்தான் வருமானம். மேலே சொன்ன உண்டியலுக்கு ஆரம்பத்தில் கொடுத்த விலை கிட்டத்தட்ட 92 இலட்சத்து 61 ஆயிரம், 364 நாள் கழித்துக் கிடைப்பது 1 கோடி. முறிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பன் வட்டி வரும், கடைசியில் முகப்பெறுமதி திரும்பும். இரண்டுமே கடதாசியில் இருப்பதில்லை, மத்திய வங்கியின் LankaSecure முறைமையில் சங்கத்தின் பெயரில் பதிவாக இருக்கும்.

(நான் இங்கே வருடத்துக்கு 365 நாள் என்று கணக்கிடுகிறேன். உங்கள் வங்கியோ, அரசாங்கப் பத்திரங்களை விற்கும் முதனிலை வணிகரோ அனுப்பிய கொள்வனவு உறுதிப்படுத்தலில் எந்த நாள்கணக்கு இருக்கிறதோ அதைத்தான் நிரலிலும் போட வேண்டும். இல்லாவிட்டால் சில்லறை வித்தியாசம் ஒன்று வந்துகொண்டே இருக்கும், அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடாது.)

## ஒரே நாளில் இரண்டு உண்மைகள்

இந்தச் சங்கம் ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது? நிலையான வைப்பில் 2,630 ரூபா, உண்டியலில் 2,030, முறியில் 1,479, யூனிட் ட்ரஸ்டும் கிட்டத்தட்ட 8 சதவீதம் தருகிறது என்று வைத்தால் அதில் 438. மொத்தம் 6,577 ரூபா. இது அட்டுறு வருமானம், அதாவது கைக்கு இன்னும் வராவிட்டாலும் அன்றைய நாளுக்குச் சேர்ந்துவிட்ட வருமானம். வங்கியும் திறைசேரியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும்வரை இது மாறாது.

இப்போது சந்தையில் ஒரு மாற்றம். அரசாங்கப் பத்திரங்களின் விளைவு வீதம் ஒரே நாளில் கால் சதவீதம் கூடுகிறது என்று வைப்போம். புதிதாக வாங்குகிறவருக்கு 9.25 சதவீதம் கிடைக்கும்போது 9 சதவீதம் தரும் நமது முறியை முன்பு கொடுத்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். 100 ரூபா முகப்பெறுமதிக்கு விலை சுமார் 99.02 ஆக இறங்கும். 60 இலட்சத்துக்கு அது ஏறக்குறைய 59,000 ரூபா இறக்கம். உண்டியலும் இறங்கும், ஆனால் அதற்கு முதிர்வுக்கு 60 நாள்தான் மிச்சம் என்றால் இறக்கம் 4,000 ரூபா அளவில் நின்றுவிடும். முதிர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு விலை ஆடும்.

ஆக அன்றைய அறிக்கை எப்படி இருக்கும்? மொத்தப் பெறுமதியை மட்டும் ஒப்பிடும் நிரல் "இன்று சுமார் 56,400 ரூபா நட்டம்" என்று எழுதும். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் அதே நாளில் சங்கம் 6,577 ரூபா சம்பாதித்திருக்கிறது என்பதும் சரி. முறியை முதிர்வு வரை வைத்திருந்தால் கூப்பன் வட்டியில் ஒரு சதமும் குறையாது, 60 இலட்சமும் முழுதாகத் திரும்பும். அந்த 59,000 உண்மையான நட்டமாவது முறியை இன்றைக்கே விற்றால் மட்டும்தான்.

இங்கேதான் முன்மொழிவின் பெரிய ஓட்டை இருக்கிறது, கூட்டங்களில் இதை யாரும் எடுத்துப் பேசுவது குறைவு. நிலையான வைப்புக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. வீதம் கூடும்போது 8 சதவீதத்தில் கட்டிப்போட்ட வைப்பும் ஒரு கணக்கில் பின்தங்கித்தான் போகிறது, ஆனால் அதைத் தினமும் விலை பேச ஆள் இல்லாததால் அறிக்கையில் அது அசையாமல் நிற்கும். முறி மட்டும் ஏறி இறங்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் மாதக்கணக்காகப் பார்க்கிற குழு, கொஞ்ச நாளில் முறி ஆபத்து, வைப்புத்தான் பத்திரம் என்று முடிவுக்கு வந்துவிடும். யாரும் அப்படி வாதாட வேண்டியதில்லை, அட்டவணையின் அமைப்பே அதைச் செய்துவிடும். அப்புறம் வீதம் உச்சத்தில், விலை அடியில் இருக்கும்போது முறியை விற்று வைப்பில் போடத் தீர்மானம் எடுப்பார்கள், கடதாசி நட்டம் நிஜ நட்டமாகும்.

இதற்காகச் சந்தைப் பெறுமதியை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சங்கத்துக்கு அவசரமாகக் காசு தேவைப்பட்டு முறியை இடையில் விற்க வேண்டி வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அட்டுறு வருமானம், சந்தை விலை மாற்றம் இரண்டும் இரண்டு தனி வரிகளாக வர வேண்டும், ஒருபோதும் கூட்டி ஒரே எண்ணாக வரக்கூடாது. இந்த ஒன்றை முன்மொழிவில் எழுதி வாங்காமல் வாக்கெடுப்புக்குப் போகாதீர்கள்.

## தானியங்கி அறிக்கை எங்கே பொய் சொல்லும்

நிரலுக்கு நல்லெண்ணமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை, கொடுத்ததைக் கூட்டும். ஆகவே கொடுக்கும் தரவில்தான் பிழைகள் வரும். அடிக்கடி வரக்கூடியவை நான்கு.

1. காசு போட்டது இலாபமாகத் தெரிவது. மாதச் சந்தா சேர்ந்து 4 இலட்சம் ரூபாவைப் பொருளாளர் யூனிட் ட்ரஸ்டில் போடுகிறார். மறுநாள் மொத்தம் 3 கோடி 4 இலட்சம். கவனமில்லாத நிரல் "1.3 சதவீத உயர்வு" என்று எழுதும். உண்மையில் உழைத்தது அன்றைய ஆறாயிரத்துச் சொச்சம்தான். சரியான கணக்கு, அன்று உள்ளே வந்ததைக் கழித்து வெளியே போனதைக் கூட்ட வேண்டும்:

```
(முடிவு - தொடக்கம் - உள்ளே_வந்தது + வெளியே_போனது) / தொடக்கம்
```

இதற்கு ஒவ்வொரு வரவையும் செலவையும் "இது நம்முடைய காசு, வருமானம் அல்ல" என்று யாராவது குறித்துவைக்க வேண்டும். தானியங்கி என்று பெயர் இருந்தாலும் இந்தக் குறிப்பை மனிதர்தான் போட வேண்டும், அந்த மனிதர் யார் என்று முன்மொழிவில் இருக்க வேண்டும்.

2. கூப்பன் வட்டி வந்த நாளில் நட்டம் தெரிவது. நமது முறிக்கு ஆறு மாதக் கூப்பன் 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா. அது கொடுக்கப்படும் வரை சேர்ந்த வட்டி முறியின் பெறுமதிக்குள்ளேயே இருக்கும். கொடுத்த அன்று முறியின் பெறுமதி அவ்வளவு இறங்கும், காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும், வரி கழிக்கப்பட்டால் கழித்த மிச்சம் போகும். அந்த வங்கிக் கணக்கு அறிக்கைக்குள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சங்கத்துக்குக் காசு கிடைத்த நாளில் 2 இலட்சத்து 70 ஆயிரம் நட்டம் என்று காலையில் எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். ஆகவே வட்டி வந்து விழும் கணக்கையும் முதலீட்டின் ஒரு பகுதியாகவே சேர்க்க வேண்டும், அங்கிருந்து அன்றாடச் செலவுக்கோ கடனுக்கோ போவதை "வெளியே போனது" என்று குறிக்க வேண்டும். கழித்த வரிக்கும் ஒரு தனி வரி வேண்டும், பின்னர் கணக்காய்வாளர் கேட்பார்.

3. பழைய விலை. மத்திய வங்கி அரசாங்கப் பத்திரங்களின் இரண்டாம் நிலைச் சந்தை வீதங்களைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது, யூனிட் ட்ரஸ்ட் நிறுவனங்கள் தத்தம் அலகு விலையை வெளியிடுகின்றன. இரண்டும் வேலை நாட்களில்தான். போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் புது விலை இருக்காது. நிரல் முந்தைய விலையையே மறுபடி எடுத்து "மாற்றம் 0.00" என்று எழுதும், பார்ப்பவருக்குச் சந்தை அமைதியாக இருந்தது என்று தோன்றும். 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிப்பை ஒட்டி வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாள் மூடியிருந்தன. முறி வைத்திருந்த எல்லோரும் கலங்கியிருந்த அந்த ஐந்து நாளும் இப்படி ஒரு நிரல் "மாற்றம் இல்லை" என்றுதான் அனுப்பியிருக்கும். இதற்கு மருந்து சின்னது: ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் அது எந்தத் திகதி விலை என்று ஒரு நெடுவரிசை, புது விலை இல்லாத நாளில் பூச்சியத்துக்குப் பதிலாக "விலை வரவில்லை" என்ற சொல்.

இணையதளத்தின் பக்க அமைப்பு மாறி நிரல் விலையை எடுக்க முடியாமல் போகும்போதும் இதே கதைதான். ஒரு முதலீட்டின் பெறுமதி இரண்டு மூன்று வேலை நாள் தொடர்ந்து கடைசிச் சதம் வரை மாறாமல் வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அட்டுறு வட்டி தினமும் கூட வேண்டும் என்பதால் அப்படி நிற்கவே வழியில்லை.

4. முதிர்ந்த வைப்பு பழைய வீதத்தில் ஓடுவது. நான்கில் இதுதான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் இது நல்ல செய்தியின் வடிவில் வருகிறது. நிலையான வைப்பின் விவரத்தை எந்த இணையதளத்திலிருந்தும் நிரலால் எடுக்க முடியாது. சான்றிதழைப் பார்த்து யாரோ ஒருவர் தொகை, வீதம், முதிர்வுத் திகதி மூன்றையும் எக்செலில் எழுதிவைக்கிறார். வைப்பு முதிர்கிறது, வங்கி தானாகவே அன்றைய வீதத்தில் புதுப்பிக்கிறது, எக்செலில் பழைய வீதம் அப்படியே கிடக்கிறது.

பொருளாதார நெருக்கடி நீடித்த 2022 இறுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலின் விளைவு வீதமே 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, வைப்புக்கும் 20 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. ஒரு வருடம் கழித்து அவை புதுப்பிக்கப்பட்டபோது வீதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 50 இலட்சத்துக்கு 20 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 2,740 ரூபா, 8.5 சதவீதத்தில் 1,164 ரூபா. எக்செலைத் திருத்தாவிட்டால் அந்த ஒரு வைப்புக்கு மட்டும் ஒரு மாதத்தில் 47,000 ரூபா அளவில் இல்லாத வருமானம் அறிக்கையில் ஏறும். குழு அதை நம்பிப் பங்கிலாபம் பேசத் தொடங்கினால் பொதுச் சபையில் பதில் சொல்ல முடியாது.

முதிர்வுத் திகதி வந்தவுடன் வட்டி சேர்வதை நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிடும்படி வைத்தால் போதும். தொகை C2 இலும் வீதம் D2 இலும் முதிர்வுத் திகதி E2 இலும் இருந்தால்:

```
=IF(TODAY()>=E2,"முதிர்ந்தது - புதிய வீதம் போடவும்",C2*D2/365)
```

எண் வர வேண்டிய இடத்தில் ஒரு வாக்கியம் நின்றால் யாரும் அதைப் பார்க்காமல் தாண்டிப் போக மாட்டார்கள்.

## தினமும் உண்மையில் என்ன தேவை

முதலீடு எவ்வளவு ஏறியது என்பது இப்படியான சங்கத்துக்குத் தினசரிக் கேள்வி இல்லை. கையில் எவ்வளவு காசு இருக்கிறது, அடுத்து எப்போது எவ்வளவு வரும், அதற்கு முன் எவ்வளவு போக வேண்டியிருக்கும், இவைதான் தினசரிக் கேள்விகள். ஜனவரியில் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் ஏப்ரலில் புத்தாண்டுக்கும் கடன் விண்ணப்பங்கள் குவியும், ஓய்வுபெறும் உறுப்பினர் தன் சேமிப்பைக் கேட்டு நிற்பார். நமது சங்கத்தில் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் 60 இலட்சம் கடன் கொடுக்க வேண்டும், உண்டியல் முதிர்வது ஏப்ரல் கடைசியில், வைப்பு முதிர்வது ஜூனில் என்று வையுங்கள். கையில் எடுக்கக்கூடியது யூனிட் ட்ரஸ்டில் இருக்கும் 20 இலட்சம் மட்டும். 40 இலட்சம் பற்றாக்குறை. ஒன்றில் வைப்பை இடையில் உடைத்து வட்டியில் ஒரு பங்கை இழக்க வேண்டும், அல்லது உண்டியலையோ முறியையோ அன்றைய விலைக்கு விற்க வேண்டும். மேலே சொன்ன கடதாசி நட்டம் நிஜமாவது இந்த மாதிரிச் சந்தர்ப்பத்தில்தான். பெப்ரவரியிலேயே அறிக்கை இந்த இடைவெளியைக் காட்டியிருந்தால், அந்த மாதம் கைக்கு வந்த காசை ஒரு வருடத்துக்குப் பூட்டாமல் 91 நாள் உண்டியலைக்கூடத் தவிர்த்து யூனிட் ட்ரஸ்டிலேயே விட்டிருக்கலாம்.

அதனால் என் கருத்தில் முன்மொழிவை ஏற்கலாம், ஆனால் அறிக்கையை மூன்றாகப் பிரித்து:

1. தினமும், பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டும்: கையிருப்பு, அடுத்த 90 நாளில் முதிர்பவை, எதிர்பார்க்கும் கொடுப்பனவுகள், அட்டுறு வருமானம், வராத விலைகள். சந்தை விலை மாற்றம் இதில் வேண்டாம். நிரல் ஓடாத நாளிலும் "இன்று ஓடவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் வர வேண்டும். வராமலே இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம்.
2. மாதம் ஒரு தடவை, குழு முழுவதற்கும்: அட்டுறு வருமானம் ஒரு வரி, சந்தை விலை மாற்றம் இன்னொரு வரி. கூடவே வங்கிக் கூற்றுகளுடனும் LankaSecure கூற்றுடனும் ஒப்பிட்ட வித்தியாசம். அது பூச்சியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரணம் எழுதப்பட வேண்டும். ஒப்பிடுபவர் எக்செலில் எழுதுபவராக இருக்கக்கூடாது.
3. உடனடியாக, எல்லோருக்கும்: முன்கூட்டியே தீர்மானித்த சில சம்பவங்கள் நடந்தால் மட்டும். முதிர்ந்த காசு கணக்குக்கு வந்து சேரவில்லை, கையிருப்பு குறித்த அளவுக்குக் கீழே போனது, ஒரே நிறுவனத்தில் இருக்கும் காசின் அளவு குழு விதித்த எல்லையைத் தாண்டியது, இப்படி.

இதில் நிரலுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும்தான் இருக்க வேண்டும். சங்கத்தின் இணைய வங்கிக் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைத்தால் வேலை சுலபமாகும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். கூற்றை ஒருவர் இறக்கிக் கொடுக்க நாளுக்கு ஐந்து நிமிடம் போதும், அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக மூன்று கோடி ரூபாவின் சாவியை ஒரு கோப்பில் விட முடியாது.

## வாக்கெடுப்புக்கு முன்

முன்மொழிந்தவரிடம் அழகான மாதிரி அறிக்கை ஒன்று இருக்கும், அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடந்த ஆறு மாதச் சங்கக் கணக்கைக் கொடுத்து, அந்த ஆறு மாதத்துக்கும் நிரலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு கூப்பன் நாளும், ஒரு வைப்புப் புதுப்பித்தலும், போயாவை ஒட்டி வந்த நீண்ட வார இறுதி ஒன்றும், சந்தா முதலிட்ட நாட்களும் கட்டாயம் இருக்க வேண்டும். முதலில் அந்த நான்கு நாட்களின் அறிக்கையை மட்டும் திறந்து பாருங்கள். கூப்பன் நாளில் நட்டம், சந்தா நாளில் இலாபம், போயாவில் 0.00, புதுப்பித்த பின்னும் பழைய வீதம், இதில் ஒன்று தெரிந்தாலும் திருத்திக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லலாம்.